லேபிளில் 60%, முன்பக்கம் பெரிசா 105, ஸ்டிக்கரில் 120 ப்ரூஃப். எதை எழுதுவது?

இளவேனில்
இறக்குமதி பாட்டில்களுக்கு ஒரு இருப்புப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏபிவி, அதாவது கன அளவில் ஆல்கஹால் எவ்வளவு என்ற சதவீதத்துக்கு ஒரு கட்டம், ப்ரூஃபுக்கு ஒரு கட்டம். இதுவரை ஏபிவியை இரண்டால் பெருக்கி ப்ரூஃப் எழுதிவந்தேன், எல்லாம் ஒத்துப்போனது. இப்போது ஒரு ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டில் மாட்டிக்கொண்டேன். முன்பக்க லேபிளில் பெரிய எழுத்தில் 105. அதன் அடியில் பொடி எழுத்தில் 60% வால்யூம். பின்னால் அமெரிக்க இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் 60%, பக்கத்திலேயே 120 ப்ரூஃப்.

60-ஐ இரண்டால் பெருக்கினால் 120, அது புரிகிறது. அப்படியானால் 105 எங்கிருந்து வந்தது? 105-ஐப் பாதியாக்கினால் 52.5 வருகிறது, அது லேபிளில் எங்கேயும் இல்லை. பட்டியலில் எதைப் போடுவது?

கரடிக்குட்டி
ப்ரூஃப்னா ஏபிவி x 2. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லை. 105 ப்ரூஃப்னா 52.5%. அதே பாட்டில்ல 60%னும் போட்டிருக்கான்னா ரெண்டுல ஒண்ணு பொய். ஸ்டிக்கர் ஒட்டினவன் தப்பு பண்ணியிருப்பான், இல்லைன்னா பாட்டிலே டூப்ளிகேட். முத்திரையைப் பாருங்க முதல்ல.

வழிப்போக்கன்
எனக்கு ஒரு சந்தேகம். ப்ரூஃப் என்று போட்டிருந்தாலே அது ஒரிஜினல் சரக்கு என்பதற்கான சான்று இல்லையா? நான் இவ்வளவு நாளாக அப்படித்தான் நினைத்திருந்தேன். ‘120 ப்ரூஃப்’ என்றால் 120 தரச் சோதனையில் தேறியது என்று.

பீப்பாய்
வழிப்போக்கன், இல்லை. அசல், போலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சாராயத்தின் வலுவைச் சொல்லும் அளவுதான் ப்ரூஃப். சொல் மட்டும் ‘சோதித்துப் பார்ப்பது’ என்ற பழைய பொருளிலிருந்து வந்தது, அதனால்தான் குழப்பம்.

கரடிக்குட்டி, டூப்ளிகேட் என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். மூன்று எண்ணும் சரி. உலகத்தில் ப்ரூஃப் என்ற பெயரில் இரண்டு அளவுகோல் இருந்தன. நீங்கள் சொன்னது அமெரிக்காவுடையது. அங்கே 50% ஏபிவி என்றால் 100 ப்ரூஃப், ஆகவே இரண்டால் பெருக்கினால் போதும். பிரிட்டனுடையது வேறு. அங்கே 100 டிகிரி ப்ரூஃப் என்பது 57.15% ஏபிவி. காரணம், அவர்கள் சதவீதத்தை வைத்து ஆரம்பிக்கவில்லை, எடையை வைத்து ஆரம்பித்தார்கள். 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், சம கன அளவுள்ள காய்ச்சி வடித்த தண்ணீரின் எடையில் சரியாக 12/13 பங்கு இருக்கும் சாராயம்தான் ‘ப்ரூஃப்’ என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அதைப் பிற்காலத்தில் ஏபிவியில் சொன்னபோது 57.15 என்று இந்த வழுக்கல் எண் வந்தது.

100-ஐ 57.15-ஆல் வகுத்தால் 1.75-க்கு மயிரிழைதான் குறைவு. அதனால் நடைமுறையில் ஏழில் நான்கு, நான்கில் ஏழு என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே முடியும். இந்தப் பாட்டிலில் 60-ஐ நான்கால் வகுத்தால் 15, ஏழால் பெருக்கினால் 105. அவ்வளவுதான். முன்பக்கம் இருப்பது பிரிட்டிஷ் ப்ரூஃப், பின்பக்க ஸ்டிக்கரில் இருப்பது அமெரிக்க ப்ரூஃப், 60% இரண்டுக்கும் பொது.

நீங்கள் சொல்வது கிளென்ஃபார்க்ளஸ் 105 என்றால் அந்தப் பெயரே பிரிட்டிஷ் ப்ரூஃபிலிருந்து வந்ததுதான். அளவுகோல் வழக்கொழிந்தது, பெயர் மட்டும் லேபிளில் தங்கிவிட்டது.

இளவேனில்
அதேதான். அப்படியானால் 105-ஐப் பட்டியலில் ப்ரூஃப் கட்டத்தில் போட்டிருந்தால் பார்ப்பவர் 52.5% என்று எடுத்துக்கொண்டிருப்பார். தப்பித்தேன்.

கரடிக்குட்டி
சரி, அந்த பிரிட்டிஷ் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச கதை வேற. துப்பாக்கி மருந்துல சாராயத்தை ஊத்திப் பத்தவைப்பாங்க, பத்திக்கிட்டா ‘ப்ரூஃப்’, பத்தாம நமுத்துப்போனா ‘அண்டர் ப்ரூஃப்’. அதுல 57%தான் எல்லைக்கோடு. அதான் காரணம், எடை கிடை எல்லாம் இல்லை.

பீப்பாய்
கதை நல்ல கதைதான், எல்லா இடத்திலும் சொல்வார்கள். ஆனால் மருந்து எவ்வளவு, சாராயம் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு நேரம் ஊறியது என்பதைப் பொறுத்து எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நிறைய ஊற்றினால் சாராயம் எரிந்து தீர்ந்த பிறகும் மிச்சத் தண்ணீர் மருந்தை நனைத்துவிடும். இப்படி ஒரு சோதனையிலிருந்து 57.15 என்ற எண் பிறக்காது. வரி வசூலிக்கக் கறாரான அளவு வேண்டும் என்றுதான் அடர்த்தியை அளக்கும் சைக்ஸ் ஹைட்ரோமீட்டரை 1816 சட்டத்தில் கொண்டுவந்தார்கள். 12/13 என்ற எடைக் கணக்கு அதோடு சேர்ந்தது.

லேபிள் படிக்கிறவருக்கு இந்த வரலாற்றில் முக்கியமானது ஒரே தேதி. 1980 ஜனவரி 1 முதல் பிரிட்டன் லேபிள்களில் ப்ரூஃபை விட்டுவிட்டு 20 டிகிரி செல்சியஸில் அளந்த வால்யூம் சதவீதத்துக்கு மாறியது. அதற்குப் பிந்தைய பிரிட்டிஷ் பாட்டிலில் ப்ரூஃப் என்ற சொல் வந்தால் அது ஒன்று அமெரிக்கச் சந்தைக்காக எழுதியது, இல்லை 105 மாதிரி பெயராக ஒட்டிக்கொண்டது.

தேன்மொழி
நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெனிலா எசன்ஸ் போடுவதற்கு ஒரு அமெரிக்கச் செய்முறை வைத்திருக்கிறேன், அதில் 80 ப்ரூஃப் வோட்கா என்று இருக்கிறது. கையில் இருக்கும் பாட்டிலில் 40% வால்யூம். பாதி வலுதானே இருக்கிறது? இரண்டு மடங்கு ஊற்றினால் சரியாகுமா, இல்லை 80% உள்ளதாகத் தேட வேண்டுமா?

பீப்பாய்
தேட வேண்டாம் தேன்மொழி, இரண்டு மடங்கும் வேண்டாம். அமெரிக்கச் செய்முறையில் 80 ப்ரூஃப் என்றால் 40% தான். கையில் இருப்பதே அதுதான். 80% உள்ளதில் வெனிலாக் காயைப் போட்டால் வேறு மாதிரி எசன்ஸ் வரும்.

பழைய பிரிட்டிஷ் சமையல் குறிப்பில் ‘70 டிகிரி ப்ரூஃப்’ என்று பார்த்தாலும் கலங்காதீர்கள், அதுவும் இதே 40% தான். 70-ஐ ஏழால் வகுத்து நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

தேன்மொழி
ஒரே பாட்டில் 40, 70, 80 என்று மூன்று எண்ணோடு திரிகிறதா! சரி, புரிந்தது. நன்றி.

சுருளி
இதே மாதிரி ஒண்ணு. ஒரு ஃப்ரெஞ்சு பிராந்தியில 40-க்கு மேல குட்டி வட்டம் போட்டு 40° னு இருக்கு. ப்ரூஃப்னு எழுதலை. டிகிரினா ப்ரூஃப்தானே? அப்போ அமெரிக்கக் கணக்குல 20%, பிரிட்டிஷ் கணக்குல 22.9%. பிராந்தி அவ்வளவு மட்டமா இருக்குமா?

அளவுகோல்
இருக்காது. அந்த வட்டம் ப்ரூஃப் இல்லை. ஃப்ரான்ஸில் கே-லுசாக் அளவுகோல் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு டிகிரி என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு ஆல்கஹால். ஃப்ரெஞ்சு, இத்தாலி, ஸ்பெயின் பாட்டில்களில் 40° என்றால் 40% ஏபிவி என்றே படிக்க வேண்டும். அமெரிக்க ப்ரூஃபாக எழுதினால் 80. வட்டம் ஒன்றுதான், எந்த நாட்டுக்காரர் போட்டார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். வட்டத்தை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள், பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

இளவேனில்
இதைக் கேட்டதும் இன்னொரு சந்தேகம். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான ரம் ஒன்றும் என் பட்டியலில் இருக்கிறது. அதில் 42.8% வி/வி, பக்கத்தில் 25° யு.பி. என்று இருக்கிறது. 25 ப்ரூஃப் என்று எழுதினால் பீரை விடக் கொஞ்சம் தூக்கல் என்று ஆகிவிடும்.

பீப்பாய்
யு.பி. என்றால் ‘அண்டர் ப்ரூஃப்’. 25 என்பது ப்ரூஃப் இல்லை, 100-லிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்ற கணக்கு. 100-ல் 25 போனால் 75. இது பிரிட்டிஷ் அளவுகோலின் வாரிசு, அதனால் 75-ஐ 0.571-ஆல் பெருக்கினால் 42.8. சதவீதம் ஏன் 43 என்று முழுசாக இல்லாமல் 42.8 என்று நொண்டுகிறது என்பதற்கும் இதுதான் காரணம். முதலில் முடிவு செய்தது 75 என்ற முழு எண்ணை, சதவீதம் பின்னால் வந்தது. அமெரிக்க ப்ரூஃப் வேண்டுமென்றால் 42.8-ஐ இரண்டால் பெருக்கி 85.6 என்று போடுங்கள்.

எதிர்ப்பக்கம் ஓ.பி. என்று வரும், அது ‘ஓவர் ப்ரூஃப்’. 30 ஓ.பி. என்றால் 130 டிகிரி, அதாவது 74.3%. இங்கே கவனம் வேண்டும். இப்போதெல்லாம் ரம் பாட்டில்களில் ‘ஓவர்ப்ரூஃப்’ என்று எண்ணே இல்லாமல் வெறும் சொல்லாகப் போடுகிறார்கள். அதிலிருந்து எந்தக் கணக்கும் எடுக்க முடியாது, சதவீதத்தைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

கரடிக்குட்டி
நேவி ஸ்ட்ரெங்த் ஜின் 57%. அதுக்கு என் கணக்குல 114, உங்க கணக்குல 100. ரெண்டுமே சரியா?

பீப்பாய்
இரண்டுமே சரி. நாலில் ஏழு போட்டால் 99.75 வரும், அதை 100 என்றே சொல்வார்கள். இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் அமெரிக்காவிலும் 100 ப்ரூஃப் பாட்டில் ஏராளம். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட்ட விஸ்கியெல்லாம் 100 ப்ரூஃப், அதாவது 50%. இரண்டையும் ஒரே கட்டத்தில் 100 என்று எழுதினால், 50-ம் 57-ம் ஒன்றாகிவிடும். 105-ல் தப்பு நடந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள், 100-ல் நடந்தால் யாருக்கும் தெரியாது.

பிரிட்டிஷ் எண்ணிலிருந்து நேராக அமெரிக்க எண்ணுக்குப் போக வேண்டுமென்றால் ஏழால் வகுத்து எட்டால் பெருக்குங்கள். 105-ஐ ஏழால் வகுத்தால் 15, எட்டால் பெருக்கினால் 120. 70 போட்டால் 80. நடுவில் சதவீதத்துக்குப் போகாமலே முடியும்.

இளவேனில்
சரி, ஷீட்டில் இரண்டு தனிக் கட்டமாகவே வைக்கிறேன், தலைப்பில் நாட்டைப் போட்டு. ஏபிவி B-யில், அமெரிக்க ப்ரூஃப் C-யில், பிரிட்டிஷ் D-யில். இப்படி எழுதினேன்:

```
C2: =ROUND(B2*2,1)
D2: =ROUND(B2*7/4,1)
```

ஆனால் சில வரிசையில் C-யில் 1.2 என்று வருகிறது, D-யில் 1.1. மற்ற வரிசைகளில் சரியாக இருக்கிறது. ஃபார்முலா எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அளவுகோல்
அந்த வரிசைகளில் B-யில் 60 என்று அடிக்காமல் 60% என்று சதவீதக் குறியோடு அடித்திருப்பீர்கள். ஷீட் அதை உள்ளே 0.6 என்று வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு 60% என்று தெரிந்தாலும் பெருக்கும்போது 0.6 தான் போகும். அதனால்தான் 1.2. இரண்டு வழி இருக்கிறது. B முழுக்க வெறும் எண்ணாக மாற்றி தலைப்பில் மட்டும் % போடலாம். அல்லது ஃபார்முலாவே கண்டுபிடித்துச் சரிசெய்யட்டும்:

```
C2: =ROUND(IF(B2<=1,B2*100,B2)*2,1)
D2: =ROUND(IF(B2<=1,B2*100,B2)*7/4,1)
```

நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இரண்டாவது, ஷீட்டில் இரண்டு விதமாக எண் கிடப்பதை மூடி மறைக்கும். பின்னால் யாராவது சராசரி எடுத்தால் மறுபடியும் மாட்டும்.

இளவேனில்
அதேதான் காரணம். எல்லாவற்றையும் வெறும் எண்ணாக மாற்றிவிட்டேன். இப்போது 60-க்கு 120, 105. 46.3-க்கு 92.6, 81. ஏழில் நாலு என்பதால் பெரிய பிழை வருமா, 57.15-ஆல் வகுக்க வேண்டுமா?

அளவுகோல்
60-ஐ 0.5715-ஆல் வகுத்தால் 104.99. வித்தியாசம் வெறும் 0.01. அதை விடப் பெரிய தளர்வு லேபிளிலேயே இருக்கிறது. அமெரிக்க விதியும் சரி, ஐரோப்பிய விதியும் சரி, வடித்த மதுவின் லேபிள் சதவீதத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் 0.3 வரை மேலே கீழே வித்தியாசம் இருக்க அனுமதிக்கின்றன. 60 என்று எழுதிய பாட்டிலில் 59.7-ம் இருக்கலாம், 60.3-ம் இருக்கலாம். அமெரிக்க ப்ரூஃபில் அது 119.4 முதல் 120.6 வரை. அப்படி இருக்கும்போது ப்ரூஃபை இரண்டு தசம இடத்துக்கு எழுதுவது வீண் வேலை. ஒரு இடம் போதும்.

மணிவண்ணன்_ர
ஆனால் என் விஷயத்தில் வித்தியாசம் 0.3 இல்லை, நாலு. லேபிளில் 40%, 80 ப்ரூஃப். சோதித்துப் பார்க்கலாம் என்று ஆல்கஹால்மீட்டரை மிதக்கவிட்டேன், 44 காட்டுகிறது. அதாவது 88 ப்ரூஃப். லேபிளைத் திருத்தி எழுதிக்கொள்ளலாமா? மீட்டர் புதுசு, தண்ணீரில் சரியாக பூஜ்யம் காட்டுகிறது.

அளவுகோல்
எழுதாதீர்கள். திரவம் என்ன சூட்டில் இருந்தது? ஆல்கஹால்மீட்டரின் தண்டில் பொடியாக 20 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டுக்கு மட்டும்தான் அதன் எண் நேரடியாகச் சரி. சூடு ஏறினால் சாராயம் விரிந்து அடர்த்தி குறையும், மீட்டர் இன்னும் ஆழமாக இறங்கும், எண் கூடும். 40% பக்கத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 கூடும்.

மணிவண்ணன்_ர
வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 30.

அளவுகோல்
பத்து டிகிரி கூடுதல், ஒவ்வொன்றுக்கும் 0.4. நாலு வந்துவிட்டது. லேபிள் சரிதான். ஜாடியைக் குளிர்ந்த தண்ணீரில் நிற்கவைத்து, உள்ளே 20 காட்டியதும் மறுபடி படியுங்கள். மீட்டர் சுவரில் ஒட்டாமல் நடுவில் மிதக்கட்டும். ஓரத்தில் திரவம் மீட்டர் தண்டில் ஏறி நிற்கும் இடத்தைப் படிக்காமல் சமமட்டத்தைப் படியுங்கள்.

இன்னொன்று. இந்தச் சோதனை சர்க்கரை இல்லாத சரக்குக்கு மட்டும்தான். லிக்கூர் என்ற இனிப்பு மதுவில் கரைந்திருக்கும் சர்க்கரை அடர்த்தியைத் தூக்கிவிடும், மீட்டர் மிதந்துகொண்டு நிற்கும், உண்மையை விட மிகக் குறைவாகக் காட்டும். அங்கே லேபிளைத்தான் நம்ப வேண்டும், இல்லையென்றால் காய்ச்சி வடித்துத்தான் அளக்க வேண்டும்.

கரடிக்குட்டி
அமெரிக்கா 60 ஃபாரன்ஹீட்ல அளக்குது, ஐரோப்பா 20 செல்சியஸ்ல அளக்குதுன்னு கேள்விப்பட்டேன். அப்போ ஐரோப்பிய 40%-ஐ ரெண்டால பெருக்கி 80னு போடறதே தப்புதானே? மேலே சொன்ன கணக்குப்படி 4.4 டிகிரி வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட 1.8% வருது!

அளவுகோல்
நல்ல கேள்வி, ஆனால் இரண்டு வேறு விஷயத்தைக் கலக்கிறீர்கள். 0.4 என்பது 20-க்குச் செய்த மீட்டரைத் தப்பான சூட்டில் படிப்பதால் வரும் பிழை. நீங்கள் கேட்பது, 60 ஃபாரன்ஹீட்டில் சரியான முறையில் அளந்தால் அதே சரக்கு எத்தனை சதவீதம் என்பது. சூட்டில் ஆல்கஹாலும் விரிகிறது, கலவையும் விரிகிறது, பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 40% சரக்குக்கு மிஞ்சுவது 0.1-க்கும் குறைவு. லேபிளின் 0.3 தளர்வுக்குள் அது அடங்கிவிடும். லேபிள் கணக்குக்கு இரண்டால் பெருக்குவதே போதும்.

கரடிக்குட்டி
ஓகே, இதுவும் போச்சு.

சுருளி
என்கிட்ட இருக்கிற பழைய பாட்டில்தான் இனி பாக்கி. ஸ்காட்ச். லேபிள் பாதி கிழிஞ்சிருக்கு. தெரியறது ‘80’, அதுக்கு மேல வட்டம், அப்புறம் ‘ப்ரூ’ வரைக்கும். சதவீதம் எங்கேயும் இல்லை. 40%-ஆ, 45.7%-ஆ?

பீப்பாய்
இங்கே கணக்கு உதவாது, பாட்டிலைத்தான் படிக்க வேண்டும். முதலில் கொள்ளளவு எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ்’ என்றால் பிரிட்டிஷ் சந்தை, 80 என்பது 45.7%. ‘4/5 குவார்ட்’ என்றால் அமெரிக்கச் சந்தை, 80 என்பது 40%. வேடிக்கை என்னவென்றால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றே, 757 மில்லி. பாட்டிலைப் பார்த்து எதுவும் தெரியாது, எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, கண்ணாடியிலேயே புடைப்பு எழுத்தில், இந்தப் பாட்டிலை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று அமெரிக்கக் கூட்டரசின் எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். 1935 முதல் 1964 வரை அங்கே விற்ற பாட்டில்களில் அது கட்டாயம். தோள்பட்டையில் விரலால் தடவினாலே தட்டுப்படும்.

எண்ணும் சில நேரம் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவுக்குப் போன பழைய ஸ்காட்சில் 86.8 ப்ரூஃப் என்று அடிக்கடி பார்க்கலாம். யாரும் தானாக உட்கார்ந்து 86.8 என்று முடிவு செய்யமாட்டார்கள். பிரிட்டிஷ் 76 டிகிரியை அமெரிக்க எண்ணுக்கு மாற்றி எழுதியதால் வந்த எண் அது. அதேபோல பிரிட்டிஷ் 75-ம் அமெரிக்க 86-ம் ஏறக்குறைய ஒரே வலுதான், இரண்டும் 43% பக்கம். உங்கள் 80 மட்டும் கெட்ட எண், இரண்டு பக்கமும் சகஜமாக வருவது.

சுருளி
கொள்ளளவு இருந்த இடம்தான் கிழிஞ்சு போயிருக்கு. புடைப்பு எழுத்து எதுவும் தட்டுப்படலை. அடியில ஒரு எண்ணும் ஒரு புள்ளியும் மட்டும்.

கரடிக்குட்டி
புடைப்பு எழுத்து இல்லைன்னா அமெரிக்கா இல்லை. 45.7% போட்டு முடிங்க.

பீப்பாய்
முடிக்க முடியாது. 1964-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன பாட்டிலில் அந்த எழுத்து இருக்கவேண்டிய அவசியமில்லை, ப்ரூஃபும் பழையபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத்து இருந்திருந்தால் அமெரிக்கா என்று அடித்துச் சொல்லலாம். இல்லாததால் பிரிட்டன் என்று சொல்ல முடியாது.

கரடிக்குட்டி
ஆனா வட்டம் இருக்கே? அமெரிக்கக்காரன் வட்டம் போடமாட்டானே, வெறும் 80 ப்ரூஃப்னுதானே எழுதுவான்.

பீப்பாய்
வட்டம் பிரிட்டிஷ் பக்கம் சாய்வது உண்மை. ஆனால் வட்டம் போட்ட அமெரிக்க லேபிளும் உண்டு. நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் 45.7-க்குக் கட்டுவேன். பட்டியலில் எழுதுவதாக இருந்தால் எழுதமாட்டேன்.

மணிவண்ணன்_ர
திறந்து மீட்டரை மிதக்கவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடுமே. 20 டிகிரியில் வைத்து.

சுருளி
முத்திரை உடையாம இருக்கு. உடைச்சா அப்புறம் அது வெறும் பழைய ஸ்காட்ச். திறக்கிற எண்ணம் இல்லை.

அளவுகோல்
திறந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கார்க் வழியாகக் கசிந்து ஆவியாகியிருந்தால் உள்ளே இருப்பது லேபிள் எழுதிய அன்றைய வலு இல்லை. கழுத்தில் மட்டம் எங்கே நிற்கிறது? நன்றாக இறங்கியிருந்தால் மீட்டர் 43 காட்டினாலும் அது 45.7 ஆக இருந்து இறங்கியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சுருளி
மூடிக்குக் கீழ ரெண்டு விரல் அளவு காலி. இறங்கியிருக்குன்னுதான் நினைக்கிறேன்.

இளவேனில்
என் பட்டியலில் இதுமாதிரி வந்தால் B, C, D மூன்றையும் காலியாக விட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘லேபிளில் 80° ப்ரூ..., எந்த நாட்டு அளவு என்று தெரியவில்லை’ என்று எழுத ஒரு வழி வைத்திருக்கிறேன். லேபிளில் கண்டதை அப்படியே எழுத E என்று ஒரு கட்டம் தனியாக. 105 இப்போது அங்கேதான் இருக்கிறது.

பீப்பாய்
அது சரி. சுருளி, கழுத்துப் பட்டையில் வரிமுத்திரைத் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அதன் நிறமும் எழுத்தும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பகல் வெளிச்சத்தில். கிழிந்த லேபிளின் விளிம்பையும் கிட்டத்தில். ‘ப்ரூ’வுக்கு முன்னால் வேறு எழுத்தின் தடம் இருக்கலாம்.

சுருளி
நாளைக்குக் காலைல எடுத்துப் போடறேன். பட்டையில ஏதோ பச்சையா ஒரு துண்டு ஒட்டியிருக்கு, எழுத்து படிக்கிற மாதிரி இல்லை.